உகியாவின் மக்கள்தொகை எவ்வளவு?

வங்கதேசத்தின் தென்கிழக்கு மூலையில், மியான்மர் எல்லையான நாஃப் ஆற்றுக்கு இந்தப் பக்கம், உகியா என்று ஒரு உபஜிலா இருக்கிறது. நம் ஊர் வழக்கில் தாலுகா என்று வைத்துக்கொள்ளுங்கள். காக்ஸ் பஜார் மாவட்டத்தைச் சேர்ந்தது. பரப்பு சுமார் 262 சதுர கிலோமீட்டர், மொத்தம் ஐந்து யூனியன்கள், நம் ஊராட்சிகள் மாதிரி. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே 2,63,186 பேர் வாழ்கிறார்கள்.

குதுபாலோங்-பாலுகாலி முகாமும் இதே உகியாவுக்குள்தான் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு சில மாதங்களில் மியான்மரிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் ஓடிவந்தார்கள். யானைகள் நடமாடிய காட்டுக் குன்றுகளை வெட்டிச் சமன்செய்து மூங்கிலும் தார்ப்பாயுமாகக் குடிசைகள் எழுந்தன. அந்த ஒரு முகாமில் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேல் ஆட்கள். அப்படியானால் 2.63 லட்சம் பேர் உள்ள தாலுகாவுக்குள் ஆறு லட்சம் பேர் உள்ள முகாம் எப்படி அடங்கும்?

ஓர் உதவி நிறுவனத்தில் தரவு வேலைக்காக நான் காக்ஸ் பஜாரில் கொஞ்ச காலம் இருந்தேன். பாதி நாள் எக்செல் அட்டவணைகளோடு மல்லுக்கட்டும் வேலை. அங்கே புதிதாக வந்து சேர்கிற எல்லோரும் முதல் வாரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். அடங்காது, அடக்கவும் இல்லை என்பதுதான் பதில். மாவட்டத்துக்கு ஒரு கணக்குப் புத்தகம், முகாமுக்கு இன்னொன்று. இரண்டையும் எழுதுபவர்கள் வேறு வேறு ஆட்கள், எழுதும் முறையும் வேறு, எழுதும் காலமும் வேறு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அதனதன் அளவில் நல்ல கணக்குகள். ஒன்றிலிருந்து ஓர் எண்ணையும் மற்றதிலிருந்து இன்னோர் எண்ணையும் எடுத்து யாராவது வகுக்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

முதலில் மாவட்டத்தின் புத்தகம். வங்கதேசப் புள்ளியியல் அலுவலகம் 2022 ஜூன் 15 முதல் 21 வரை நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. காகிதப் படிவம் போய் டேப்லெட் வந்த முதல் கணக்கெடுப்பு அது. ஜூன் 15 பிறக்கும் நள்ளிரவுதான் குறிப்பு நேரம். அந்த நேரத்தில் ஒருவர் எங்கே இருந்தார் என்பதுதான் அடிப்படை. இந்த விதியை அப்படியே நீட்டிப் பார்த்தால் முகாமில் தூங்கிக்கொண்டிருந்தவரும் கணக்கில் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வரவில்லை என்று எப்படித் தெரியும்? எந்த அறிக்கையின் அடிக்குறிப்பையும் தேட வேண்டாம், எண்ணே சொல்லிவிடும். 2011 கணக்கெடுப்பில் உகியாவில் 2,07,379 பேர். பதினோரு ஆண்டில் 27 சதவீதம் கூடியிருக்கிறது, அதாவது ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல். அதே காலத்தில் காக்ஸ் பஜார் மாவட்டம் முழுவதும் 22.9 லட்சத்திலிருந்து 28.23 லட்சமானது, 23 சதவீத வளர்ச்சி. முகாம் இந்த எண்ணுக்குள் இருந்திருந்தால் உகியா நான்கு மடங்காகியிருக்க வேண்டும். எந்த நாட்டில் எந்த மாவட்டமாக இருந்தாலும் நான் முதலில் போட்டுப் பார்க்கும் சோதனை இதுதான். இரண்டு கணக்கெடுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடையில் முகாம் வந்த தாலுகாவையும் வராத தாலுகாவையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் வளர்ந்திருந்தால் முகாமை வெளியே விட்டிருக்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள், உகியா மாவட்டத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளர்ந்திருக்கிறது. அந்தக் கூடுதலுக்கும் முகாமுக்கும் தொடர்பு இருக்கலாம். 2017-க்குப் பிறகு டாக்காவிலிருந்தும் சட்டோகிராமிலிருந்தும் வேலைக்கு வந்த ஏராளமானோர் உகியா, கோட்பஜார் பக்கம் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கினார்கள். நள்ளிரவு விதிப்படி அவர்கள் உகியாவாசிகள்தான். அகதிகளுக்காக வந்தவர்கள் மாவட்டத்தின் கணக்கில் இருக்கிறார்கள், அகதிகள் இல்லை. இதில் தப்பு என்று எதுவும் இல்லை, ஆனாலும் எனக்கு இது விசித்திரமாகத்தான் படுகிறது.

ஐ.நா. பரிந்துரை என்ன சொல்கிறது என்று கேட்டால், அது தெளிவாகவே இருக்கிறது. ஓர் இடத்தில் ஓராண்டு வாழ்ந்தவர், அல்லது ஓராண்டு வாழப்போகிறவர், அந்த இடத்தின் வழக்கமான குடியிருப்பாளர். அகதியும் அப்படித்தான். முகாமில் இருப்பவர்களை நாட்டின் மக்கள்தொகையில் சேர்க்க வேண்டும். கூடவே, தேவைப்பட்டால் கழித்துப் பார்க்க வசதியாக அவர்களைத் தனியாகவும் காட்ட வேண்டும். 2018-இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் அகதிகள் புள்ளிவிவரத்துக்கென்றே தனிப் பரிந்துரைகளை ஏற்றபோதும் சாரம் இதுதான். ஆனால் பரிந்துரை சட்டமாகாது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத வங்கதேசம், வந்தவர்களை அகதிகள் என்றே அழைப்பதில்லை, கட்டாயத்தால் இடம்பெயர்ந்த மியான்மர் நாட்டவர் என்றுதான் எழுதுகிறது. திரும்பிப் போகவேண்டியவர்களை மாவட்டத்தின் மக்கள்தொகையில் எழுதினால் நிரந்தரமாக்கியதுபோல் ஆகிவிடுமோ என்ற அச்சம் டாக்காவுக்கு. எனக்கு உடன்பாடு இல்லை என்றாலும் அந்த அச்சம் புரிகிறது.

இதற்கு நேர்மாறாகச் செய்த நாடு ஜோர்டான். 2015 கடைசியில் நடந்த கணக்கெடுப்பில் நாட்டுக்குள் இருந்த எல்லோரையும் எண்ணினார்கள், என்ன குடியுரிமை என்றும் கேட்டார்கள். மொத்தம் 95.3 லட்சம் பேர், அதில் சிரியர்கள் 12.65 லட்சம். அப்போது ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவாகியிருந்த சிரியர்கள் சுமார் 6.3 லட்சம்தான். பதிவில் உள்ளவர்களைப் போல இரண்டு மடங்கு பேர் நாட்டில் இருக்கிறார்கள் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. போருக்கு முன்பே வேலைக்கு வந்தவர்களும் பதிவு செய்துகொள்ளாதவர்களும் அதில் சேர்ந்திருப்பார்கள். உதவி கேட்கும் நாட்டுக்குப் பெரிய எண் தோதானது என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. எப்படியானாலும் ஜோர்டானின் அட்டவணையில் சிரியர்களைச் சேர்த்தும் பார்க்கலாம், கழித்தும் பார்க்கலாம். உகியாவில் அந்த வசதி கிடையாது.

சரி, முகாமின் புத்தகத்துக்கு வருவோம். மாவட்டத்தைப் பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணுகிறார்கள். முகாமை மாதாமாதம் எண்ணுகிறார்கள். ஆனால் அந்த நிலைக்கு வந்து சேர்ந்த பாதை கோணல்மாணலானது.

2017 செப்டம்பரில் யாராலும் தலைகளை எண்ண முடியவில்லை. ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கானவர்கள் வந்துகொண்டிருந்தார்கள், வந்தவர்களும் ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பின் ஆட்கள் ஒவ்வொரு பகுதியாகப் போய் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு மதிப்பிட்டார்கள். விவரம் தெரிந்தவர் என்றால் பெரும்பாலும் மாஜி. நூறு குடும்பத்துக்கு ஒருவர் என்கிற மாதிரி நியமிக்கப்பட்ட ரோஹிங்யா தலைவர். நிவாரண டோக்கன் மாஜி வழியாகத்தான் வரும். உன் பகுதியில் எத்தனை குடும்பம் என்று அவரிடமே கேட்டால் அவர் எந்தப் பக்கம் சாய்ந்து சொல்வார் என்பது தெரிந்த விஷயம். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். அரிசி குறைவாக வந்தால் குடிசை வாசலில் நின்று ஏச்சு வாங்குவது அவர்தான்.

அதன்பிறகு இரண்டு எண்ணிக்கைகள் ஒரே சமயத்தில் நடந்தன. வங்கதேசக் குடிவரவு, கடவுச்சீட்டுத் துறை விரல்ரேகை எடுத்து ஆளுக்கொரு அட்டை கொடுத்தது. அந்தப் பதிவு 2018-க்குள் 11 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மறுபக்கம் அகதிகள் ஆணையமும், வங்கதேச அரசின் அகதிகள் நிவாரண, திருப்பியனுப்பும் ஆணையர் அலுவலகமும் சேர்ந்து குடும்பக் கணக்கெடுப்பு நடத்தின. கையில் போனோடு குடிசை குடிசையாகப் போய், குடும்பத்துக்கு ஓர் எண் கொடுத்து, எத்தனை பேர், என்ன வயது, குடிசை எந்த இடத்தில் என்று பதிந்தார்கள். அதில் கிடைத்தது சுமார் 9 லட்சம்.

ஒரே மக்கள், ஒரே ஆண்டு, இரண்டு லட்சம் வித்தியாசம். முறையைப் பார்த்தால் காரணம் புரிகிறது. முதல் பதிவில் ஆள்தான் அலகு, ஒருவரை அவருடைய குடும்பத்தோடு கோக்கும் வழி கிடையாது. இறந்தவரையோ வேறு இடம் போனவரையோ நீக்கும் வேலையும் அதில் சரியாக நடக்காது. சேர்ந்துகொண்டே போகும், கழியாது. இரண்டாவதில் குடும்பம் அலகு, வீட்டு வாசலில் நின்று எழுதியது. ஆனால் சொன்னதை நம்பி எழுதியது. இரவல் குழந்தையைக் காட்டி எண்ணைக் கூட்டியவர்களும் இருந்தார்கள், மகனுக்குத் தனிக் குடும்ப எண் வாங்கியவர்களும் இருந்தார்கள்.

2018 ஜூனில் கூட்டுச் சரிபார்ப்பு தொடங்கியது. குடும்பம் முழுவதும் ஒரே நேரத்தில் மையத்துக்கு வரவேண்டும். விரல்ரேகை, கண்மணிப் பதிவு, புகைப்படம், குடும்பத்தின் பழைய எண்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கோத்தார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்மார்ட் கார்டு. இதுவும் சுமுகமாகப் போகவில்லை. அட்டையில் ரோஹிங்யா என்ற பெயர் இல்லையே என்றும், இந்த விவரங்கள் மியான்மர் கைக்குப் போய்விடுமோ என்றும் முகாமில் எதிர்ப்பு கிளம்பி, 2018 நவம்பரில் வேலைநிறுத்தம்கூட நடந்தது. எல்லாம் முடிந்து 2019 கடைசியில் வந்த எண் சுமார் 8.55 லட்சம். 2020-ஆம் ஆண்டின் உதவித் திட்டம் அந்த எண்ணை வைத்துத்தான் போடப்பட்டது. 8.55 லட்சம் ரோஹிங்யாக்கள், அவர்களோடு உள்ளூர் மக்கள் 4.44 லட்சம். ஆனால் அமைச்சர்களின் பேச்சிலும் செய்தித்தாள்களிலும் 11 லட்சம் என்பதே நிலைத்தது. முதலில் சொன்ன எண்ணுக்கு ஆயுசு அதிகம்.

அதற்கப்புறம் மாதாந்திரப் பதிவு ஓடுகிறது. பிறப்பு சேர்கிறது. ரேஷன் வாங்க விரல்ரேகை தேவை என்பதால், நீண்ட நாள் யாரும் வராத குடும்பம் கண்ணில் பட்டுவிடுகிறது. மரணம்தான் எப்போதும் தாமதமாக வரும், சில சமயம் வரவே வராது. பெயரை நீக்கினால் ரேஷன் குறையும் என்றால் யார் ஓடிப்போய் நீக்குவார்கள்? படகேறி மலேசியாவுக்குக் கிளம்பியவர்களின் கதையும் இதுதான். முகாம் பதிவில் சந்தேகம் வந்தால் நான் வயதானவர்களின் வரிசையைத்தான் பார்ப்பேன். எழுபதுக்கு மேல் உள்ளவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போய், இறப்பு மட்டும் கூடவில்லை என்றால் புத்தகத்தில் இறந்தவர்கள் வாழ்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்போது இரண்டு புத்தகங்களும் மேசையில் இருக்கின்றன. வம்பு எப்படி வருகிறது என்று பார்ப்போம். கீழே வரும் கணக்கில் உகியாவின் மக்கள்தொகை மட்டும் நிஜம். மற்றவை விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள்.

உகியாவில் 2.63 லட்சம் பேர். ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 20 பிறப்பு என்று கொண்டால் 5,260 குழந்தைகள் பிறக்க வேண்டும். உபஜிலா மருத்துவமனையிலும் சுற்றியுள்ள நிலையங்களிலும் அந்த ஆண்டு 3,000 பிரசவங்கள் பதிவாகின. வகுத்தால் 57 சதவீதம். பாதிக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன, பரவாயில்லையே என்று டாக்காவில் ஓர் அதிகாரி நினைப்பார். ஆனால் அந்த 3,000 தாய்மார்களில் 1,200 பேர் முகாமிலிருந்து சிக்கலான பிரசவத்துக்காக அனுப்பப்பட்டவர்கள். அவர்களைக் கழித்தால் உள்ளூர்த் தாய்மார்கள் 1,800 பேர், அதாவது 34 சதவீதம்தான். மூன்றில் இரண்டு பங்கு உள்ளூர்ப் பெண்கள் வீட்டில்தான் பிள்ளை பெறுகிறார்கள். அட்டவணை அதை மூடி மறைத்துவிட்டது. பின்னத்தின் மேலே இரண்டு மக்கள், கீழே ஒரு மக்கள். அவ்வளவுதான் கோளாறு.

இதே தவறு நோய்க் கணக்கில் எதிர்ப்பக்கம் போகும். டெங்குவோ தட்டம்மையோ முகாமில் பரவி, நோயாளிகளை மாவட்டத்தின் பெயரில் எழுதி, 28.23 லட்சத்தால் வகுத்தால் காக்ஸ் பஜார் நாட்டிலேயே மோசமான மாவட்டமாகத் தெரியும். இதனால்தான் 2017 கடைசியில் முகாமில் தொண்டை அடைப்பான் பரவிய காலத்திலிருந்தே உலக சுகாதார நிறுவனம் முகாம்களுக்கெனத் தனி நோய் எச்சரிக்கைப் பதிவை நடத்துகிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் உள்ளூர் ஆள் முகாம் மருத்துவமனைக்குப் போவதை அந்த ஏற்பாட்டால் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. மருந்து இலவசம், டாக்டர் இருப்பார், பக்கத்திலும் இருக்கிறது. உகியாவின் ராஜாபாலோங் யூனியனில் கடை வைத்திருந்த ஒருவர் என்னிடம், "எங்க உபஜிலா ஆஸ்பத்திரிக்கு போனா வரிசை, அதான் முகாமுக்குள்ள போயிடறோம்" என்றார். அப்படியானால் மேலே உள்ள எண்ணைப் பிரிப்பது எப்படி? ஒரே வழி, ஒவ்வொரு மருத்துவமனைப் பதிவேட்டிலும் முகாமா உள்ளூரா என்று ஒரு கட்டம் வைத்து, வரும்போதே எழுதிக்கொள்வது. பின்னால் உட்கார்ந்து விகிதம் போட்டுப் பிரிப்பதெல்லாம் ஊகம்தான். அந்தக் கட்டம் நிரப்பப்படாத தாள்கள் எத்தனை என்று பார்த்தாலே அந்தப் பதிவேட்டை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு கோளாறு வரைபடத்தில் ஒளிந்திருக்கும், இது கண்ணில் படுவது கஷ்டம். கணக்கெடுப்பின் மொத்த எண்ணை எடுத்து, செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கட்டடங்கள் மேல் பரப்பி, இந்தச் சதுரத்தில் இத்தனை பேர் என்று சொல்லும் மக்கள்தொகைக் கட்ட வரைபடங்கள் இப்போது எங்கும் புழங்குகின்றன. புயல் வந்தால் எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்று கணிக்கப் பலரும் அதைத்தான் திறப்பார்கள். உகியாவில் இதைச் செய்தால் என்ன ஆகும்? உள்ளூர்க் குடும்பங்கள் தோராயமாக 56,000. முகாம் குடிசைகளை ஒரு பேச்சுக்கு ஒன்றரை லட்சம் என்று வையுங்கள். 2.63 லட்சம் என்கிற மொத்த எண் முகாமைச் சேர்க்காதது. ஆனால் படத்தில் குடிசைகள் தெரிகின்றன. எல்லாக் கூரைக்கும் சமமாகப் பரப்பினால் உள்ளூர் கிராமங்களுக்கு மிஞ்சுவது சுமார் 71,000 பேர், மீதி எல்லோரும் முகாமுக்குள் போய்விடுவார்கள். முகாமும் நிஜத்தில் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும், கிராமங்களும் முக்கால்வாசி காலியாகிவிடும். இரண்டு பக்கமும் தப்பு, மொத்தம் மட்டும் சரி. மொத்தம் சரியாக இருப்பதால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். சரியான வழி, முதலில் முகாம் எல்லைகளை வரைபடத்திலிருந்து வெட்டி எடுத்து, மீதி இடத்தில் மட்டும் கணக்கெடுப்பு எண்ணைப் பரப்பி, முகாமுக்குள் முகாமின் பதிவு எண்ணைத் தனியாக வைப்பது. முகாமே இல்லாத ஜாலியாபாலோங் யூனியனின் கடற்கரைக் கிராமங்களில் வரைபடம் சொல்லும் எண்ணை, கணக்கெடுப்பின் யூனியன் எண்ணோடு ஒப்பிட்டால் எந்த முறையில் செய்திருக்கிறார்கள் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வெட்டி எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. முகாம் என்று கோடு போட்ட பரப்புக்குள் காலம் காலமாக வாழ்ந்துவரும் வங்கதேசக் குடும்பங்கள் இருக்கின்றன. பாலோங்காலி, ராஜாபாலோங் பக்கம் முகாம் அவர்களைச் சுற்றி வளர்ந்துவிட்டது. அப்புறம் முள்வேலியும் வந்தது. தேசியக் கணக்கெடுப்பில் அவர்கள் உண்டு. ஆனால் முகாம் எல்லையை வெட்டி எடுத்த வரைபடத்தில் அவர்கள் இல்லை, முகாமின் பதிவிலும் அவர்கள் இல்லை. முகாம் அதிகாரிகளிடம் போனால் யூனியனுக்குப் போ என்பார்கள், யூனியனிலோ நீங்கள் முகாம் பகுதியாச்சே என்பார்கள். இதற்கு நேரெதிர் வகை ஒன்றும் உண்டு. 2017-க்கு வெகு முன்பே வந்து உள்ளூர் கிராமங்களில் கலந்துவிட்ட ரோஹிங்யாக்கள். 2016-இல் பதிவில்லாத மியான்மர் நாட்டவரை எண்ணுவதற்காக வங்கதேசப் புள்ளியியல் அலுவலகம் தனிக் கணக்கெடுப்பே நடத்தியது. அவர்களில் சிலர் 2.63 லட்சத்துக்குள்ளும் இருக்கக்கூடும்.

இந்தக் கலப்பைப் பார்த்துத்தான் அரசாங்கம் பயந்தது. விலை கொடுத்தது உள்ளூர்க்காரர்கள். 2017-இல் ரோஹிங்யாக்கள் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று காக்ஸ் பஜார் மாவட்டத்தில் பிறப்புப் பதிவையே நிறுத்தினார்கள். முகாம் குழந்தைகளுக்கு மட்டும் அல்ல, எல்லோருக்கும். சில ஆண்டுகள் கழித்துத்தான் அது படிப்படியாகத் திறந்தது. வாக்காளர் பதிவுக்கும் இந்தப் பகுதி உபஜிலாக்களைச் சிறப்புப் பகுதி என்று அறிவித்து, தனிக் குழு வைத்து விசாரிக்கிறார்கள். அப்பா அம்மாவின் அடையாள அட்டை, உறவினர்களின் அட்டை, நிலப் பத்திரம் என்று ஒரு கட்டுக் காகிதம் வேண்டும். நிலமே இல்லாத கூலிக்காரர் பத்திரத்துக்கு எங்கே போவார்? என்னோடு வேலை செய்த உள்ளூர்ப் பெண் ஒருவர், தன் மகனைப் பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அலைந்ததைச் சொல்லிவிட்டு, "முகாம்ல பிறந்த பிள்ளைக்காவது ஐ.நா. பதிவு இருக்கு, என் பிள்ளைக்கு எதுவும் இல்ல" என்றார். கோபமாகத்தான் சொன்னார். ரோஹிங்யாக்கள் மேல் அல்ல.

அகதிகளை எண்ணாமல் விட்டால் அகதிகளுக்கு நஷ்டம் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உகியாவில் நான் பார்த்தவரை, அகதிகளிடம் மாதாமாதம் புதுப்பிக்கப்படும் ஒரு புத்தகம் இருக்கிறது. சுமை ஏறிய ரோடு, கீழே போன நிலத்தடி நீர், நிரம்பி வழியும் மருத்துவமனை இதெல்லாம் மாவட்டத்தின் புத்தகத்தில் 2.63 லட்சம் பேருக்கானதாகவே இருக்கிறது. ஆகையால் என் கருத்து இது. மொத்தத்தில் சேர்க்கப் பிடிக்கவில்லை என்றால் சேர்க்க வேண்டாம், ஆனால் கணக்கெடுப்பின் உபஜிலா அட்டவணையிலேயே அடுத்த வரியில் முகாம் எண்ணையும் அது எந்தத் தேதிக்கு உரியது என்பதையும் அச்சிட வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால் மேலே சொன்ன கோளாறுகளில் பாதி வராது. தேதி ரொம்ப முக்கியம், ஏனென்றால் முகாம் எண் நின்றபடி நிற்பதில்லை. 2020 டிசம்பரிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடலில் உள்ள பாசன் சார் தீவுக்கு மாற்றினார்கள். அப்போது அது நோவகாலி மாவட்டத்தில் இருந்தது. இன்னொரு மாவட்டத்தின் கணக்கும் குழம்பியது. 2024 தொடக்கத்திலிருந்து மியான்மரின் ராக்கைன் மாநிலத்தில் சண்டை முற்றியதால், 2025 நடுப்பகுதிக்குள் சுமார் ஒன்றரை லட்சம் பேர் புதிதாக வந்து சேர்ந்தார்கள். பழைய 11 லட்சம் என்ற எண் இப்போதுதான் உண்மையாகியிருக்கிறது.

தேதி தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குத் தெரிந்த மாவட்டம் ஒன்று உண்டு. 2009 நடுவில் வவுனியாவில், மெனிக் பாம் முதலான முகாம்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். மாவட்டத்தின் சொந்த மக்கள்தொகையைவிட அதிகம். இலங்கையின் அடுத்த கணக்கெடுப்பு 2012 மார்ச்சில்தான் நடந்தது. அதற்குள் சில ஆயிரம் பேரைத் தவிர எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். வவுனியா மாவட்டம் 1.72 லட்சம் என்று பதிவானது. கணக்கெடுப்பு வரிசையை மட்டும் பார்க்கும் எவருக்கும் அந்த மாவட்டத்தில் ஒரு காலத்தில் அத்தனை பேர் இருந்தார்கள் என்பதே தெரியாது. அங்கே யாரும் யாரையும் கணக்குக்கு வெளியே விடவில்லை. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே முகாம் வந்து போய்விட்டது.

தமிழ்நாட்டுக் கதை இரண்டிலும் சேராது. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அரசு சொன்ன கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 இலங்கைத் தமிழர்கள், முகாமுக்கு வெளியே காவல் நிலையப் பதிவோடு 34,087 பேர். இவர்களுக்குப் பணக்கொடை வழங்க அடிக்கடி தலை எண்ணுகிறார்கள், அது ஒரு புத்தகம். இந்தியக் கணக்கெடுப்பு இந்தப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வருகிறார், அங்கே வழக்கமாகத் தங்குபவர் யார் என்று கேட்கிறார், எழுதுகிறார். முகாம் வீடும் வீடுதான். எங்கே பிறந்தீர்கள் என்ற கேள்வி உண்டு, ஆனால் முகாமிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் பதில் தமிழ்நாட்டு மாவட்டம் ஒன்றின் பெயராக இருக்கும். எனவே முகாம்வாசிகள் மாவட்ட மக்கள்தொகைக்குள் முழுதாக இருக்கிறார்கள், ஆனால் வெளியே எடுக்க முடியாதபடி கலந்திருக்கிறார்கள்.

மாவட்ட அளவில் இது ஒன்றும் செய்யாது. 2011-இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 13.53 லட்சம் பேர், அதில் மண்டபம் முகாம் ஒரு துளி. ஊராட்சி அளவில் வேறு கதை. 2,000 பேர் உள்ள ஓர் ஊராட்சியில் 600 பேர் முகாம்வாசிகள் என்று வையுங்கள். நிதிக் குழு மானியம் 2,000 பேருக்கு வரும். ஊராட்சிக்கு அது லாபம், குடிநீரும் தெருவிளக்கும் முகாமுக்கும் போனால் நியாயமும்கூட. வார்டு பிரிப்பதும் மக்கள்தொகையை வைத்துத்தான். ஆனால் குடியுரிமை இல்லாததால் அந்த 600 பேருக்கு ஓட்டு கிடையாது. முகாம் விழும் வார்டில் வாக்காளர்கள் மற்ற வார்டுகளைவிடக் குறைவாக இருப்பார்கள், அங்கே ஜெயிக்கக் கொஞ்சம் ஓட்டு போதும். ஜெயித்தவருக்கு முகாம் தெருக்களில் கால் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. இப்படி ஒரு வார்டு உங்கள் பக்கம் இருக்கிறதா என்று பார்க்க, வார்டின் வாக்காளர் எண்ணிக்கையை அதன் மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள். பக்கத்து வார்டுகளில் நூறு பேருக்கு எழுபது, எழுபத்தைந்து வாக்காளர்கள் இருக்கும் இடத்தில் இங்கே மட்டும் முப்பதோ நாற்பதோ வந்தால், முகாம் எந்த வார்டில் இருக்கிறது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.